வாழ்த்துக்கு வரும் பதில்

போகிக்கு முந்தைய இரண்டு இரவுகளில் தாம்பரம் காலியாகும். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் தாண்டும் வரை வண்டிகள் நகராது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு நெரிசல் கொஞ்சம் தெற்கே தள்ளிப்போனது, அவ்வளவுதான். திருநெல்வேலிக்கும் விழுப்புரத்துக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் போய்விட்ட பிறகு, ஊரில் மிஞ்சுகிறவர்கள் ஒரு தனி ரகம். சொந்த ஊரில் பெற்றோர் போய்ச் சேர்ந்து, வீடும் பாகம் பிரிந்து, இங்கேயே சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஒரு மாடி வீட்டில் வேரூன்றிப் போனவர்கள். கேஸ் அடுப்பில் பொங்கல் பொங்கி, சாப்பிட்டு முடித்து, மதியம் இவர்கள் போனை எடுக்கிறார்கள். உறவுக்காரர்களுக்கு வாழ்த்து போய்ச் சேர்ந்த பிறகு, விரல் பெயர்ப் பட்டியலில் இறங்கி இறங்கி ஏதோ ஒரு பெயரில் நிற்கிறது. எப்போதோ ஒன்றாக வேலை பார்த்தவர். சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை. பேசி வருஷக்கணக்காகிறது. அனுப்பலாமா?

இந்தக் கேள்வி சென்னையின் தென்புறநகரில் அதிகம் எழுவதற்குக் காரணம் உண்டு. இங்கே பழக்கம் என்பதே பெரும்பாலும் வேலையாலும் ரயிலாலும் வந்தது. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடுகிறது. ஒரே நேரத்து வண்டியில், ஒரே பெட்டியில், ஒரே ஜன்னலோரத்தில் நின்று வளர்ந்த நட்புகள் எத்தனையோ. 1984-இல் சானடோரியத்தை ஒட்டி ஏற்றுமதி மண்டலம் வந்தது. மெப்ஸ் என்று சொன்னால்தான் யாருக்கும் புரியும். அங்கே தையல் மிஷினுக்கு முன்னும் செக்கிங் மேஜைக்கு முன்னும் வயதைக் கழித்தவர்கள் இந்தத் தெருக்களில் நிறைந்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஊர், சாதி, சொந்தம் என்ற எந்த முட்டும் கிடையாது. கம்பெனி இருக்கும் வரை இருக்கும்.

கம்பெனிகளோ நிற்பதில்லை. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1988-இல் நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு 2021 செப்டம்பர் 9 அன்று வந்தது. மறுநாள் விநாயகர் சதுர்த்தி. அடுத்த ஆண்டு ஜூலையோடு அங்கே கார் வெளிவருவது நின்றது. ஒரு ஆலை மூடும்போது சம்பளம் போவதை எல்லோரும் பேசுகிறார்கள். அதோடு ஒரு ஆயுத பூஜையும் போய்விடுகிறது. மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணி உடைத்து, பொரி கடலைப் பொட்டலத்தை ஒருவர் கையில் ஒருவர் திணித்து, ‘வீட்டுக்கும் எடுத்துட்டுப் போங்க’ என்று சொன்ன அந்த ஒரு நாளில்தான் எந்த செக்‌ஷன், எந்த ஷிப்ட் என்று பார்க்காமல் எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். அந்த இடம் இல்லாமல் போனதும், வாழ்த்துச் சொல்ல ஒவ்வொருவரும் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. சிட்லபாக்கத்துக்காரருக்கும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரத்தில் இருப்பவருக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. சந்திக்க ஒரு முகாந்திரம்தான் இல்லை.

முன்பு இந்த முகாந்திரத்தைப் பொங்கல் வாழ்த்து அட்டை கொடுத்தது. தை மாதம் நெருங்கினால் கடைவாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள்: பானையும் கரும்பும், கோலம் போடும் பெண், முருகன், எம்.ஜி.ஆர்., பிறகு ரஜினி, கமல். உறையை ஒட்டாமல், மூடியை உள்ளே செருகி அனுப்பினால் தபால்தலை மலிவு; அதனால் அட்டையில் அந்தரங்கமாக எதுவும் எழுத மாட்டார்கள். ‘அன்புடன்’ என்று போட்டுக் கையெழுத்து. அதுவே போதுமானதாக இருந்தது. தந்தியிலோ இன்னும் சுருக்கம். வாழ்த்து வாசகங்களுக்கு எண்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், வாசகம் அந்தப் பக்கம் முழுசாகப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தி நின்றது. ஆக, ஆயத்த வாழ்த்து என்பது வாட்ஸாப் கொண்டுவந்த சீரழிவு அல்ல. பாட்டன் காலத்திலும் வாழ்த்து அச்சடித்துத்தான் வந்தது.

ஆனால் அட்டை அனுப்ப முகவரி வேண்டும். ஒருவர் எந்தத் தெருவில், எந்தக் கதவு எண்ணில் இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போதே பாதிச் செய்தி வந்துவிடும். ‘அவரா? ரிட்டையர் ஆகி ஊரோட போயிட்டாரே.’ ‘அவங்க வீட்டுக்காரர் தவறிட்டார், உங்களுக்குத் தெரியாதா?’ வாழ்த்து அனுப்புவதற்கு முன்பே, அனுப்பலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும். செல்போன் எண் இந்த விசாரணையை இல்லாமல் ஆக்கிவிட்டது. எண் கையில் இருக்கிறது, ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த எண்ணே அவருடையதாக இருக்க வேண்டுமே. ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும் எண்ணை கம்பெனி துண்டித்துவிட்டால், குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில் ‘டிராய்’ இதைச் சொல்லியிருக்கிறது. வருஷக்கணக்காகப் பேசாத ஒருவரின் எண் இதற்குள் கைமாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழைய கேஷியருக்கு அனுப்பிய பொங்கல் வாழ்த்து, முகம் தெரியாத ஒரு கல்லூரி மாணவனுக்குப் போய், ‘யாரு நீங்க?’ என்று திரும்பி வரும். முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒற்றை டிக்கோடு நாள் கணக்கில் நின்றால், போன் அணைந்திருக்கலாம், எண் செத்திருக்கலாம், அவர் நம்மைத் தடுத்து வைத்திருக்கலாம். எது என்று அந்த டிக் சொல்லாது.

மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. வாட்ஸாப்பில் ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் போட்டு ஒரே தட்டில் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். நம்முடைய எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். யார் நம்மை மறந்து எண்ணை அழித்துவிட்டாரோ, யாரைத் தேடித்தான் இந்த வாழ்த்தே போக வேண்டுமோ, அவருக்குப் போகாது. நாம் அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். வருஷக்கணக்கான மௌனத்தை உடைக்க வேண்டுமென்றால் தனியாக, அவர் பெயரைத் தொட்டு, கையால் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும்.

அப்படிச் செய்தாலும் அந்தப் பக்கத்தில் முதலில் எழுவது சந்தோஷம் அல்ல, சந்தேகம். தென்புறநகரில் வாழ்கிறவர்கள் இதில் அடிபட்டவர்கள். ‘வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? பொங்கல் வாழ்த்துகள்’ என்று திடீரென்று ஒரு பழைய ஆள் வந்தால், அடுத்த வாரமே படப்பை பக்கம் மனை, மதுராந்தகம் தாண்டி பண்ணை நிலம், இல்லாவிட்டால் ஒரு பாலிசி, ஒரு சீட்டு என்று வரும். அதனால் மனம் தானாகவே கணக்குப் போடுகிறது: ‘இப்ப எதுக்கு?’ கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள்கூட இந்தச் சந்தேகத்துக்குத் தப்ப மாட்டார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான். வாழ்த்தையும் வேண்டுகோளையும் ஒரே மாதத்தில் அனுப்பக் கூடாது. உண்மையாகவே உதவி தேவையென்றால் பண்டிகையைத் துணைக்கு அழைக்காமல் நேராகக் கேட்பது இருவருக்கும் மரியாதை.

சந்தேகத்தைத் தாண்டுவதற்கு இன்னொன்றும் உதவும்: வாழ்த்தில் அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விஷயம் இருப்பது. நான் யார், எங்கே ஒன்றாக இருந்தோம், அவரைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது என்ன. மூன்று வரி போதும். ‘மறந்துட்டீங்களா?’ என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. அது வாழ்த்து அல்ல, குற்றச்சாட்டு. ‘ரொம்ப நாளா பேச முடியல, வேலை, பசங்க படிப்பு…’ என்று சாக்குகளை அடுக்குபவர்களும் உண்டு. கேட்பவரும் தன் பங்குக்கு அதையே அடுக்க வேண்டிவரும். இரண்டு பேரும் பேசாமல் இருந்திருக்கிறோம், இரண்டு பேருக்கும் தெரியும், விளக்கம் எதற்கு? முன்பு ‘நீ, வா, போ’ என்று பேசிக்கொண்டவர்கள் இவ்வளவு காலம் கழித்து ‘நீங்க’ என்று ஆரம்பிப்பதும் சகஜம்தான். பதிலில் அவர் ‘நீ’ என்று வந்தால் நாமும் இறங்கிக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தவறிப்போகும் ஒரு இடம் உண்டு. அதை எங்கள் தெருவில் ஒரு பெண்மணிக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அவர் மெப்ஸில் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். கம்பெனி கைமாறியபோது வெளியே வந்து, இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். செக்கிங்கில் இருந்த ஒரு அக்காவோடு அவருக்கு நல்ல பழக்கம். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஓ.டி. முடிந்து இரவு வெளியே வந்தால், அக்காவின் கணவர் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் டி.வி.எஸ். 50-யோடு நிற்பார், இவரை ரயிலேற்றி விட்ட பிறகுதான் அவர்கள் இருவரும் கிளம்புவார்கள். பிறகு அவர்கள் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோனார்கள். பேச்சு குறைந்து நின்றது. ஒரு பொங்கலன்று காலை இவர் எழுதினார்: ‘அக்கா, பொங்கல் வாழ்த்துக்கள். மெப்ஸ்ல மூணாவது லைன்ல இருந்தேனே, ஞாபகம் இருக்கா? அண்ணன் நைட்ல வந்து நிப்பாரே, அதை நெனச்சேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?’

இரண்டு டிக் விழுந்தது. மதியம் நீலமானது. பதில் இல்லை. மாட்டுப் பொங்கலும் போனது. காணும் பொங்கலன்று, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகும் கூட்டத்தால் சாலை அடைத்துக் கிடந்த நேரத்தில், பதில் வந்தது. ‘இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லம்மா. ஐப்பசியில அண்ணன் போயிட்டாரு.’

எந்த நினைவைச் சொன்னால் அக்காவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தாரோ, அந்த நினைவுக்குரியவரே இல்லை. அருகில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. மார்கழி முழுக்க வாசலில் பெரிய கோலம் விழாத வீடு எது என்று தெருவுக்குத் தெரியும். சுவரில் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் ஒட்டியிருக்கும். கூடுவாஞ்சேரிச் சுவரில் ஒட்டிய போஸ்டர் சிட்லபாக்கத்துக்குத் தெரியாது. நெருங்கிய சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. பங்காளி வகையில் என்றால் அடுத்து வரும் ஒரு பண்டிகையோடு விடுகிறவர்களும் உண்டு. இது வீட்டுக்கு வீடு மாறும். பல கிறிஸ்தவ வீடுகளிலும் அந்த டிசம்பரில் நட்சத்திரம் தொங்காது. போனில் இதற்கெல்லாம் அடையாளம் ஒன்றிரண்டுதான். முகப்புப் படத்தில் ஒரு குத்துவிளக்கோ, மாலை போட்ட படமோ இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் பார்த்துவிடலாம். அக்காவின் முகப்பில் பேரக் குழந்தையின் படம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இந்தப் பெண்மணி செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூப்பிய கைகளையோ அழும் முகத்தையோ பதிலாக அனுப்பவில்லை. ‘தெரியாம வாழ்த்துச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க’ என்றும் எழுதவில்லை. அப்படி எழுதினால் ‘பரவால்லம்மா’ என்று ஆறுதல் சொல்லும் வேலை துக்கத்தில் இருக்கிறவர் தலையில் விழும். அவர் உடனே கூப்பிட்டார். ‘என்னக்கா ஆச்சு? உடம்பு முடியாம இருந்தாரா?’ என்று கேட்டார். கேட்டதும் அந்தப் பக்கம் எல்லாம் வந்தது: நெஞ்சு வலி, குரோம்பேட்டை ஆஸ்பத்திரி, மூன்று நாள், பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. கடைசியில் அக்கா சொன்னாராம்: ‘அவரு அங்க வந்து நின்னதை நீதான்டி சொல்றே. மத்தவங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?’

கணவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் அவரை அண்ணனாக, மாமாவாக, சம்பந்தியாக, தெருக்காரராக அறிந்தவர்கள். இரவு பதினோரு மணிக்கு மனைவிக்காக ஸ்டேஷன் ஓரத்தில் காத்து நின்ற மனிதரைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் யாருமில்லை. பழைய சகா ஒருவரிடம்தான் அந்தத் துண்டு இருந்தது. உறவுகள் நம் வாழ்க்கையின் நீளத்தை வைத்திருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அதில் சில ஆண்டுகளின் சாட்சிகள். அந்த ஆண்டுகளுக்கு அவர்களை விட்டால் சாட்சி கிடையாது. பேசாமல் போன வருஷங்கள் அந்தச் சாட்சியத்தைக் கெடுத்துவிடுவதும் இல்லை.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் இவர் கூடுவாஞ்சேரிக்குப் போய்வந்தார். பூவோ இனிப்போ இல்லாமல் கொஞ்சம் ஆரஞ்சுப் பழத்தோடு போனார். திரும்பும்போது, துக்க வீட்டு வழக்கப்படி, ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் எழுந்தார். அதற்குப் பிறகு அவர்கள் தினமும் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டால், இல்லை. எப்போதாவது. அதுவும் சரிதான். மறுபடி தொடர்பு வந்துவிட்டதாலேயே நட்பைப் பழைய உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

நீண்ட மௌனத்துக்குப் பிறகு போகும் பண்டிகை வாழ்த்து, உண்மையில் ஒரு விசாரிப்பு. இருக்கிறீர்களா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம். பண்டிகை அதற்குக் கிடைத்த சாக்கு. விசாரிப்பு என்றால் எந்தப் பதிலும் வரலாம். வேலை போய்விட்டது, பெண் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள், டயாலிசிஸ் நடக்கிறது, அவர் இல்லை. வாழ்த்தை அனுப்பிவிட்டு, பதில் கனமாக வந்தால் ஒரு பொம்மை முகத்தைப் பதிலாகத் தட்டிவிட்டு நகர்கிறவர், பேசாமலே இருந்திருக்கலாம். மௌனத்தில் குறைந்தபட்சம் அவமதிப்பு இல்லை.

எந்த நாளில் அனுப்புவது என்பதிலும் இதையே அளவுகோலாக வைக்கலாம். தீபாவளி காலையில் ஒவ்வொரு போனிலும் நூற்றுக்கணக்கில் பட்டாசுப் படங்கள் வந்து குவிகின்றன. அதில் ஒருவரின் மூன்று வரி அமுங்கிப்போகும். நமக்கும் அன்று உட்கார்ந்து பேச நேரமில்லை. பல்லாவரத்துப் பழைய ஃபோர்மேனுக்கு ரம்ஜான் வாழ்த்து என்றால், துபாயிலிருந்து யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்து முந்தின நாளே தட்டிவிடாமல், பிறை தெரிந்து தலைமை காஜி அறிவித்த பிறகு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நோன்பில் இருக்கிறவருக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னதாகும். ஆயுத பூஜை, ஒன்றாக வேலை பார்த்தவர்களுக்கென்றே அமைந்த நாள்; அன்று போகும் வாழ்த்துக்கு ‘இப்ப எதுக்கு?’ என்ற கேள்வி எழாது. எல்லாவற்றிலும் வசதி காணும் பொங்கல் மதியம். சமையல் வேலை முடிந்திருக்கும், ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள், மனிதர்களைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய நாள் வேறு.

அடுத்த காணும் பொங்கலுக்கு ஒரே ஒரு பெயரை எடுங்கள். அவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். அனுப்பிய பிறகு அன்று சாயங்காலத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பதில் எப்படி வந்தாலும் கூப்பிட்டுப் பேச அந்த நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் ஒதுக்க மனமில்லையென்றால் அனுப்ப வேண்டாம்.